மெட்ரோனோம் வைத்து வயலின் சாதகம்: சேலத்து மாணவர்கள் கேட்பவை

டீச்சர், ஜண்டை வரிசை ரெண்டாம் காலம் கிளிக்கோட சரியாத்தான் போகுது. ஆனா நீங்க கேட்டா இடறுதுங்கறீங்க. எங்கே இடறுதுன்னே எனக்குத் தெரியலை. (அஸ்தம்பட்டி மாணவி)

நீ வாசிப்பது இரண்டாவது ஜண்டை வரிசை. முதல் வரி இது:

ஸஸ ரிரி | கக மம | ரிரி கக | மம பப

இரண்டாம் காலத்தில் தட்டுக்கு நான்கு ஸ்வரம். அதனால் மேலே கோடு போட்டுப் பிரித்திருக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு தட்டு. கிளிக் அந்தப் பகுதியின் முதல் ஸ்வரத்தில் மட்டும் விழுகிறது. அடுத்த கிளிக் வரும்வரை உள்ளே இருக்கும் மூன்று ஸ்வரமும் எங்கே விழுந்தாலும் மெட்ரோனோம் கேட்காது.

நான்காம் தட்டைப் பார். 'மம பப'. மத்யமத்தை ஸட்ஜத் தந்தியில் விரல் வைத்து வாசிக்கிறாய். பஞ்சமம் அடுத்த தந்தி, அதுவும் விரல் வைக்காத வெறும் தந்தி. வில்லைச் சாய்த்தால் போதும், ஒலி வந்துவிடும். அதனால் கை அவசரப்பட்டு இரண்டாவது மத்யமம் முடிவதற்குள்ளேயே சாய்ந்துவிடுகிறது. மெட்ரோனோம் 60-ல் ஓடினால் ஒரு தட்டு ஒரு விநாடி, ஸ்வரத்துக்குக் கால் விநாடி. உன் வாசிப்பில் முதல் 'ம' 0.25, இரண்டாவது 'ம' 0.17, முதல் 'ப' 0.33, கடைசி 'ப' 0.25 என்று வைத்துக்கொள். கூட்டிப்பார், சரியாக ஒரு விநாடி வருகிறது. குறைந்த மத்யமத்தைப் பஞ்சமம் நீண்டு ஈடுகட்டிவிட்டது, அடுத்த கிளிக்குக்கு நீ ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டாய். உன் காதுக்கு எல்லாம் சரி. எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த இடம் நொண்டுகிறது.

இந்த ஒரு இடத்தை வைத்தே கீழே வரும் பதில்களையும் சொல்கிறேன். எந்த வேகத்தில் தொடங்குவது, எப்படி ஏற்றுவது, கிளிக்கை ஏன் தட்டுக்கு நடுவில் தள்ளுவது என்று எல்லாவற்றுக்கும் இந்த 'மம பப' போதும்.

எந்த வேகத்துல ஆரம்பிக்கறதுங்க? புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, யூடியூப்ல வேற சொல்றாங்க.

அந்த எண்ணை வெளியே தேட வேண்டாம். வரிசையில் மிகக் கடினமான இடம் எந்த வேகத்தில் உங்களுக்குச் சுத்தமாக வருகிறதோ அதுதான் தொடக்க வேகம். வரிசை முழுவதும் வைத்துப் பார்க்காதீர்கள். 'ஸஸ ரிரி' 80-லும் வரும், அதைக் கேட்டு ஏமாந்துபோவீர்கள்.

'மம பப' மட்டும் எடுத்துக்கொண்டு, 60-ல் தொடங்கிக் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு வேகத்திலும் மூன்று முறை தொடர்ச்சியாக வாசியுங்கள். நான்கு ஸ்வரமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், தந்தி மாறும்போது கீச்சென்ற சத்தம் வரக் கூடாது, தோள் இறுகக் கூடாது. மேலே சொன்ன மாணவிக்கு 60-ல் கூடவில்லை, 54-லும் ஒரு முறை தவறியது, 46-ல் மூன்றும் சுத்தமாக வந்தது. அவளுக்குத் தொடக்கம் 46.

சுத்தமாக வந்ததா இல்லையா என்பதை வாசித்துக்கொண்டே தீர்மானிக்க முடியாது. கை வேலையாக இருக்கும்போது காது சலுகை காட்டும். போனில் பதிவுசெய்து, வயலினைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலான போன்களில் பாதி வேகத்தில் ஓடவிடும் வசதி இருக்கிறது. அதில் கேட்டால் குட்டையான மத்யமம் உடனே பிடிபடும்.

46-னு வெச்சா ரெண்டு கிளிக்குக்கு நடுவுல நேரம் போகவே மாட்டேங்குது. நான் முன்னாடியே போயிடறேன். வேகமா வெச்சாதான் ஒட்டுது.

எல்லோருக்கும் இது நடக்கும். 46-ல் ஒரு கிளிக்கிலிருந்து அடுத்ததற்கு 1.3 விநாடி இடைவெளி. அந்த வெற்றிடத்தை மனசு தானாகப் பங்கிட வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பழக்கம் இருக்காது.

கையின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிளிக்கை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். 46-க்குப் பதில் 92 வைத்து, கிளிக்குக்கு இரண்டு ஸ்வரம். 'ஸஸ' ஒரு கிளிக், 'ரிரி' ஒரு கிளிக். இப்போது 'பப' ஜோடிக்கும் தனியாக ஒரு கிளிக் கிடைக்கிறது, முதல் பஞ்சமம் முந்தினால் அங்கேயே தெரிந்துவிடும். இது நிலைத்த பிறகு 46-க்குத் திரும்புங்கள். அப்போதும் காணாமல்போன அந்த நடுக் கிளிக்கை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாசிக்க வேண்டும். 'தக திமி' என்று சொன்னால் 'தி' விழும் இடம் அது.

தினமும் எவ்வளவு ஏத்தலாம்? நான் அஞ்சஞ்சா ஏத்தறேன்.

ஐந்து என்பது 46-ல் ஒரு அளவு, 120-ல் வேறு அளவு. 46-ல் ஐந்து ஏற்றினால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வேகம் கூடுகிறது. கைக்கு அது பெரிய தாவல். 120-ல் அதே ஐந்தை உணர்வதே கடினம்.

பழைய சாவி கொடுக்கும் ஊசல் மெட்ரோனோமின் அளவுகோலைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் எண்கள் ஒன்றுவிடாமல் இருக்காது. 40-லிருந்து 60 வரை இரண்டிரண்டாக, 60-லிருந்து 72 வரை மும்மூன்றாக, 72-லிருந்து 120 வரை நான்கு நான்காக, அதற்கு மேல் ஆறாறாக, பின்பு எட்டெட்டாகப் போய் 208-ல் முடியும். ஏறக்குறைய ஒவ்வொரு படியும் முந்தைய வேகத்தில் இருபதில் ஒரு பங்கு. கைக்கு ஒவ்வொரு ஏற்றமும் ஒரே அளவாகத் தெரியும். செயலியில் எந்த எண் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாலும் நான் இந்தப் பழைய படிகளைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

அஸ்தம்பட்டி மாணவிக்கு இலக்கு 72. அவள் படிகள்: 46, 48, 50, 52, 54, 56, 58, 60, 63, 66, 69, 72. ஒரு வேகத்தில் வரிசையைத் தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வாசித்தால் அடுத்த படி. ஒரு முறை தவறினால் அதே இடத்தில் மறுபடி. இரண்டாவது முறையும் தவறினால் இரண்டு படி கீழே. 'இன்னொரு தடவை முயன்றால் வந்துவிடும்' என்று அதே வேகத்தில் பத்து முறை மோதுவது மிகவும் கெடுதல். பத்து முறையும் கை கற்றுக்கொள்வது தவறான மத்யமத்தைத்தான்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு படிக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் நேற்று விட்ட இடத்தில் தொடங்காமல் அதற்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள். நேற்று 54-ல் முடித்திருந்தால் இன்று 50. 50-லும் 52-லும் உடனே ஏறிவிடும், சில நிமிடங்களில் நேற்றைய இடத்தில் இருப்பீர்கள். அன்றைக்கு அது வரவில்லை என்றால், நேற்று வந்தது கையில் இன்னும் தங்கவில்லை என்று பொருள். அதை மதித்து அங்கேயே இருங்கள்.

60 வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்கு மேல ஒரு வாரமா நகரலை. இன்னும் மெதுவா ஆரம்பிக்கணுமா?

மெதுவாக வாசித்தது குறையில்லை. மெதுவாக வாசிக்கும்போது வில்லை எவ்வளவு இழுத்தீர்கள் என்பதைப் பாருங்கள்.

46-ல் நேரம் நிறைய இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அரை வில், முக்கால் வில் என்று இழுக்கத் தோன்றும், ஒலியும் நன்றாக இருக்கும். 72-ல் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 0.2 விநாடிதான். அந்த நேரத்தில் அரை வில் இழுத்துத் தந்தியும் மாற்ற முடியாது. ஆகவே 60 தாண்டும்போது கை வேறொரு அசைவுக்கு மாறியாக வேண்டும், அந்த அசைவை நீங்கள் பயிற்சி செய்யவே இல்லை. நகராமல் நிற்பது அதனால்தான்.

வழி இது. முதலில் 72 வைத்து 'மமப' என்று மூன்று ஸ்வரம் மட்டும் வாசித்து, பஞ்சமத்தில் நின்றுவிடுங்கள். வரிசை முழுவதும் வேண்டாம். மூன்று ஸ்வரம் என்பதால் பயமில்லாமல் வரும். அப்போது வில்லின் நடுப்பகுதியில் எவ்வளவு நீளம் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான்கு விரல் அகலம் இருக்கும். இப்போது 46-க்கு இறங்கி, அதே நான்கு விரல் வில்லில், அதே நடுப்பகுதியில் வாசியுங்கள். ஒலி சிறியதாக இருக்கும், பரவாயில்லை. பெரிய வேகத்தில் கை செய்யப்போகும் அசைவை மெதுவாகச் செய்தால்தான் மெதுவான சாதகம் மேலே உதவும்.

விரலுக்கும் இது பொருந்தும். மெதுவாக வாசிக்கும்போது மத்யம விரலை உயரத் தூக்கும் பழக்கம் இருந்தால் அதையும் தந்திக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்தவர்களுக்கு 63-லும் 66-லும் பெரும்பாலும் தடை இருப்பதில்லை.

கிளிக்கை ரெண்டு தட்டுக்கு நடுவுல, எதிர்த்தட்டுல வெச்சு வாசிக்கணும்னு சொன்னீங்க. எவ்வளவு முயற்சி பண்ணாலும் கிளிக் திரும்பவும் தட்டுக்கே வந்துடுது. எப்படித்தான் ஆரம்பிக்கறது?

வயலினை எடுக்காமல் தொடங்குங்கள். கையில் வயலின் இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று வேலை.

மெட்ரோனோமை 80-ல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்கோடும் 'க' என்று சொல்லுங்கள். 'த' வேண்டாம், 'க' மட்டும். க… க… க… இது காதில் உட்கார்ந்ததும், ஒவ்வொரு 'க'-வுக்கும் முன்னால் நடு இடைவெளியில் ஒரு 'த' சேருங்கள். தக, தக, தக. 'க' கிளிக்கோடு, 'த' நிசப்தத்தில். பிறகு 'த' சொல்லும் இடத்தில் தொடையில் தட்டுங்கள். அந்தத் தட்டுதான் இனி உங்கள் தாளம். முதலில் 'த'வைப் பிடிக்க முயன்றால் கிளிக் அதை இழுத்துக்கொள்ளும். 'க'வைக் கிளிக்கிடம் கொடுத்துவிட்டு அதற்கு முன்னால் 'த'வை நட்டால் நிற்கும்.

அடுத்து ஸ்வரம் சொல்லுங்கள். 'ஸஸ ரிரி கக மம', ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஸ்வரம் கிளிக்கில். ஜண்டை வரிசையில் இது மிக நன்றாகப் பொருந்துகிறது. ஜண்டையில் அழுத்தம் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான், கிளிக்கும் அங்கேயே விழுந்து அதை நினைவூட்டுகிறது. பலர் வாசிக்கும் ஜண்டையில் இரண்டாவது ஸ்வரம் முதல் ஸ்வரத்தின் எதிரொலியாகத் தேய்ந்துபோகும். இந்தப் பயிற்சி அதைக் குணப்படுத்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வாயில் வந்தபின் வயலினை எடுத்து, வெறும் ஸட்ஜத் தந்தியில் மட்டும் 'ஸஸ ஸஸ' வாசியுங்கள். விரல் வேலை இல்லாமல் வில் மட்டும் எதிர்த்தட்டைப் பழகட்டும். அதற்குப் பிறகு வரிசை. முதல் நாள் வரிசைவரை போகாவிட்டாலும் சரிதான்.

இது 80-ல் நிலைத்ததும் இரண்டாம் கட்டம். மெட்ரோனோமைப் பாதியாக்கி 40 வையுங்கள், கையின் வேகம் மாறாது. இப்போது தட்டுக்கு நான்கு ஸ்வரம், கிளிக் மூன்றாவது ஸ்வரத்தில். வாயில் 'தக திமி', கிளிக் 'தி'யில். முதல் வரியில் கிளிக் விழும் ஸ்வரங்கள் முறையே ரி, ம, க, ப. நான்காம் தட்டில் கிளிக் விழுவது முதல் பஞ்சமத்தின் மேல்! இதுவரை மறைந்திருந்த இடம் இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பஞ்சமம் அவசரப்பட்டால் முதலில் 'ப', பிறகு 'டக்' என்று இரண்டு தனித்தனி ஒலி கேட்கும். சரியாக விழுந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிளிக் பாதி மறைந்துவிடும்.

வில்லின் தொடக்கம் மென்மையாக இருப்பதால் இந்தக் கலப்பு தெளிவாகக் கேட்கவில்லை என்றால், வில்லை வைத்துவிட்டு வலது கை விரலால் தந்தியை மீட்டிப் பாருங்கள். மீட்டொலி கூர்மையானது, ஒளிக்க இடம் கிடையாது.

எதிர்த்தட்டுக்கு வரும்போது, நேர்த்தட்டில் எட்டிய வேகத்திலேயே தொடங்க வேண்டாம். 60 வரை ஏறியிருந்தாலும் இங்கே 40-லிருந்து மறுபடி. இந்தமுறை ஏறுவது விரைவாக இருக்கும்.

பாதி வரைக்கும் நல்லாப் போகும். எங்கேயோ மாறி கிளிக் தட்டுல வந்து உக்காந்துடும். எப்போ மாறுச்சுன்னே தெரியாது.

பெரும்பாலும் மாறுவது அந்தத் தந்தி மாற்றத்தில்தான். பஞ்சமம் முந்துகிறது, காது பதறி அடுத்த கிளிக்கைத் தட்டாக எடுத்துக்கொள்கிறது. அதன்பின் எல்லாம் சுகமாகப் போகும், அந்தச் சுகமே அடையாளம். எதிர்த்தட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எளிதாகிவிட்டால் புரண்டுவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

சோதிக்க, ஆவர்த்தனம் முடிந்து அடுத்த சமத்தில், முதல் ஸ்வரத்தில் வில்லை நிறுத்துங்கள். அந்த ஸ்வரம் நிசப்தத்தில் விழுந்து, அரைத் தட்டு கழித்துக் கிளிக் கேட்டால் சரி. ஸ்வரமும் கிளிக்கும் சேர்ந்து விழுந்தால் புரண்டிருக்கிறது. முதலில் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் இப்படி நிறுத்திப் பாருங்கள், பிறகு இரண்டுக்கு ஒருமுறை.

புரண்டது தெரிந்ததும் ஓட்டத்திலேயே சரிசெய்ய முயலாதீர்கள். நிறுத்தி, 'க… க…' என்று தொடங்கி மறுபடி வாருங்கள்.

காலால் தட்டிக்கொண்டால் புரளாதே என்று சிலர் கேட்கிறார்கள். நம் முறையில் உட்காரும்போது வயலினின் சுருள் வலது பாதத்தின் மேல் ஊன்றியிருக்கிறது. அந்தக் காலை ஆட்டினால் வயலினே ஆடும், ஸ்ருதி இடம் நகரும். வீட்டில் யாராவது எதிரே உட்கார்ந்து ஆதி தாளம் போட்டால் அதைவிட நல்ல உதவி இல்லை. அப்பா, அம்மா, தங்கை, யாராக இருந்தாலும் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிளிக்குக்கு நடுவில் கை விழ வேண்டும் என்று மட்டும் பழக்கிவிடுங்கள்.

எங்க வீடு அம்மாப்பேட்டைங்க. பக்கத்துலயே விசைத்தறி. கிளிக் சுத்தமா கேக்கலை, சில சமயம் தறிச் சத்தத்தையே தாளம்னு நினைச்சுடறேன்.

ஒலிபெருக்கியில் கிளிக்கின் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. கூட்டினால் உங்கள் வயலின் உங்களுக்கே கேட்காது. கிளிக்கின் குரலை மாற்றுங்கள். தறியின் ஒலி மரமும் இரும்பும் மோதும் தடதடப்பு. மெட்ரோனோம் செயலிகளில் இருக்கும் 'டக்' என்ற மரக்கட்டை ஒலி அதோடு கலந்துவிடும். 'டிங்' என்ற மெல்லிய மணி ஒலியோ, எண்களைச் சொல்லும் குரலோ தனித்துக் கேட்கும்.

அதோடு ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். வயலின் இடது பக்கம் மார்பில் சாய்ந்திருப்பதால் அதன் ஒலி இடது காதுக்கு நேராக வருகிறது. அதைத் திறந்து வைத்து, வலது காதில் கிளிக்கைக் கேளுங்கள்.

புளூடூத் இயர்போனில் கிளிக் தாமதமாக வருகிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எல்லாக் கிளிக்கும் ஒரே அளவு தாமதமாக வந்தால் இடைவெளி மாறுவதில்லை, காதில் கேட்பதைப் பின்பற்றினால் போதும். திரையில் மின்னும் விளக்கைப் பார்க்காதீர்கள், அது காதுக்கு முன்னால் ஓடும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம் டீச்சர். மார்கழி காலையில விரல் விறைச்சுக் கிடக்குது. சாயங்காலம் 66-ல வந்தது காலையில 54-ல கூட வரலை. சாதகம் வீணாப் போகுதா?

வீணாகவில்லை. குளிரில் விரல் மந்தமாகத்தான் இருக்கும், மத்யம விரல் எழும்பத் தாமதமாகும். காலைக்கும் மாலைக்கும் தனித்தனித் தொடக்க வேகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டாம்.

காலையில் முதல் பத்து நிமிடம் மெட்ரோனோம் இல்லாமல் ஸட்ஜ பஞ்சமம் நீளமாக இழுங்கள். பிறகு 'மம பப' மட்டும் வைத்து அன்றைய வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அது 46 என்றால் 46. விறைத்த விரலை 66-க்கு விரட்டினால் கை இறுகும், அந்த இறுக்கம் வெயில் வந்தபிறகும் போகாது. குளிரில் ஸ்ருதியும் நகர்ந்திருக்கும், அதையும் பத்து நிமிடம் கழித்து மறுபடி சரிபாருங்கள்.

எதிர்த்தட்டு வந்துடுச்சு. அடுத்து என்ன?

கிளிக்கைக் குறைக்க வேண்டும். 72-ல் வாசிக்கிறீர்கள் என்றால் மெட்ரோனோமில் 36 வையுங்கள். ஊசல் வகை 40-க்குக் கீழே இறங்காது, இதற்குச் செயலிதான் வேண்டும். ஆவர்த்தனத்தின் எட்டு அட்சரத்தில் நான்கில் மட்டும் கிளிக். அந்த நான்கையும் 2, 4, 6, 8-ஆவது அட்சரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். தாளம் போடும் கையில் பார்த்தால் சுண்டுவிரல், நடுவிரல், முதல் வீச்சு, இரண்டாவது வீச்சு. தட்டு விழும் மூன்று இடமும் உங்கள் பொறுப்பு, மெட்ரோனோம் அங்கே வாய் திறக்காது.

இது பழகியபின், சில ஆவர்த்தனம் ஒலித்து, சில ஆவர்த்தனம் மௌனமாகும்படி வைக்கும் வசதி செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஒலி, இரண்டு மௌனம். மௌனம் முடிந்து கிளிக் திரும்பும்போது நீங்கள் முன்னாலா பின்னாலா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் முன்னால் என்றால், காரணம் பெரும்பாலும் அந்த 'மம பப'தான். ஒவ்வொரு முறையும் சிறிது திருடப்பட்ட மத்யமம், தடுக்கக் கிளிக் இல்லாதபோது, சேர்ந்துபோகிறது. சில நேரம் முன்னால் சில நேரம் பின்னால் என்றால் வேறு குறை. வாய்க்குள் 'தக திமி' நின்றுவிட்டிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில பழைய சாமான் கடையில ஒரு சாவி மெட்ரோனோம் கிடைச்சது. வாங்கலாமா, போன் போதுமா?

போன் போதும். ஆனால் ஊசல் வகை நன்றாக ஓடினால் தாராளமாக வாங்குங்கள், ஊசல் போய் வருவதைக் கண்ணால் பார்ப்பது சிறு பிள்ளைகளுக்கு உதவுகிறது. 1815-ல் மெல்செல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. வாங்குமுன் சமதளத்தில் வைத்து 60-ல் ஓடவிட்டுக் கேளுங்கள். 'டிக்…டாக்.டிக்…டாக்' என்று ஒரு இடைவெளி நீண்டும் ஒன்று குறுகியும் கேட்டால், அடியில் ஒரு பக்கம் காகிதம் மடித்து வைத்துப் பாருங்கள். சரியானால் மேசை சாய்ந்திருக்கிறது. சரியாகவில்லை என்றால் வேண்டாம். கடிகார விநாடி முள்ளோடு ஒரு நிமிடம் ஒப்பிடவும் மறக்காதீர்கள்.

என் பொண்ணு ஒரு வருஷமா இதையே வெச்சு வாசிக்கறா. பாட்டு மெஷின் மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க. (சூரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா)

எல்லாவற்றுக்கும் போட்டால் ஆகும்மா. மெட்ரோனோம் வரிசைகளுக்கும், அலங்காரத்துக்கும், வர்ணத்தில் இடறும் சங்கதிக்கும். ராக ஆலாபனைக்கு அது கூடவே கூடாது. அங்கே தட்டே இல்லை. கீர்த்தனையில் கமகம் கற்கும் காலத்திலும் நான் நிறுத்திவைப்பேன், ஒரு காந்தாரத்தின் அசைவைக் கிளிக்குக்கு நறுக்கினால் ராகம் போய்விடும். அவள் சாதகம் ஒரு மணி நேரம் என்றால் மெட்ரோனோம் இருபது நிமிடத்துக்குள் இருக்கட்டும். வரிசையை முடிக்கும்போது கடைசி ஒரு முறை அதை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆடி மாசம் கோயில்ல கச்சேரி. மிருதங்கத்தோட முதல் தடவை. பாட்டு அரை இடம் தள்ளி எடுப்பு. மெட்ரோனோம்ல சரியா வருது, ஒத்திகையில ரெண்டு தடவையும் சமத்துலயே எடுத்துட்டேன்.

வீட்டில் கிளிக்கைக் கேட்டபின் எடுக்கப் பழகியிருக்கிறீர்கள். 'டக்' கேட்டு, அரை இடம் விட்டு, பாட்டு. மேடையில் மிருதங்கம் உங்கள் எடுப்புக்குக் காத்திருக்கும், சமத்தில் உங்களுக்காக யாரும் 'டக்' கொடுக்க மாட்டார்கள்.

எதிர்த்தட்டுப் பயிற்சியை இப்போது அப்படியே திருப்பிப் போடுங்கள். பாட்டின் வேகத்தில் கிளிக்கை ஓடவிட்டு, அதை அரை இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சமம் நிசப்தத்தில், நீங்களே தாளத்தில் போடுவது. பாட்டின் முதல் எழுத்து கிளிக்கின் மேல். முதலில் வாயால் பாடி, கையால் ஆதி தாளம் போட்டு, ஒரு முழு ஆவர்த்தனம் வெறும் தாளமாக விட்டபின் எடுங்கள். சமம் உங்கள் கையிலிருந்து வரும்போது எடுப்பு தவறாது. ஒன்றரை இடம் எடுப்புள்ள பாட்டுக்கும் இதே வழிதான், சமத்துக்குப் பின் இரண்டாவது கிளிக்கில் எடுக்க வேண்டும்.

கச்சேரிக்கு முந்தைய வாரம் மெட்ரோனோமில் பாட்டின் வேகத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன் பல்லவியின் முதல் வரியை மனசுக்குள் ஒருமுறை ஓட்டி அந்த வேகத்தைப் பிடிக்கப் பழகுங்கள். பிடித்தபின் மெட்ரோனோமைப் போட்டுச் சரிபாருங்கள். 69 என்று குறித்திருந்தால் 66-க்கும் 72-க்கும் நடுவில் வந்தால் போதும். ஒத்திகையில் மிருதங்க வித்வானிடம் அந்த வேகத்தை நீங்களே தாளம் போட்டுக் காட்டிவிடுங்கள், அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.